மஞ்சள் டாலரைப் பார்த்ததும் வீடியோவை அழிக்கச் சொன்ன மகானுக்கு

நேற்றைய கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யூடியூபில் தன் போர் வரலாற்று வீடியோவுக்கு மஞ்சள் டாலர் ஐகான் வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று நண்பர் ஒரு பதிவில் கேட்டார். உடனே ஒரு மகான் தோன்றி, "ஸ்ட்ரைக் விழுந்துருச்சு, சேனல் போயிரும், டெலீட் பண்ணிட்டு மறுபடி ஏத்துங்க" என்றார். நண்பரும் அழித்துவிட்டார். வியூஸ், கமெண்ட் எல்லாம் போச்சு. மறுபடி ஏற்றினால் அதே மஞ்சள். வராமல் என்ன செய்யும்? வீடியோவும் அதே, தம்ப்நெயிலும் அதே.

மஞ்சள் என்றால் ஸ்ட்ரைக் இல்லை, அதாவது விதிமீறலுக்கான தண்டனை இல்லை. காப்பிரைட் கிளெய்மும் இல்லை. யூடியூப் ஸ்டுடியோவில் அந்த ஐகான் மேல் கர்சரை வைத்தால் Limited or no ads என்று வரும். இந்த வீடியோ எல்லா விளம்பரதாரர்களுக்கும் ஏற்றதல்ல, ஆகவே விளம்பரம் குறைவாக ஓடும் அல்லது ஓடவே ஓடாது. அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். வீடியோ இருந்த இடத்தில் இருக்கும். பிரீமியம் சந்தாதாரர்கள் பார்த்தால் அவர்கள் கட்டும் சந்தாவில் உங்கள் பங்கும் வரும். திரும்பவும் சொல்கிறேன், ஸ்ட்ரைக் இல்லை.

அந்த மஞ்சளை முதலில் வைப்பது பெரும்பாலும் இயந்திரம்தான். தலைப்பு, தம்ப்நெயில், விவரக்குறிப்பு, டேக், வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு கணிப்புக்கு வருகிறது. கணிப்பு தப்பு என்று நினைத்தால் Request review அழுத்தலாம். அழுத்தியதும் ஐகான் பச்சையாகி விளம்பரம் முழுதாக ஓடும் என்று நினைக்காதீர்கள். மனிதர் ஒருவர் பார்த்து முடிவு சொல்லும்வரை மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், பரிசீலனையில் இருப்பதாக மட்டும் காட்டும். ஏழு நாள் வரை ஆகலாம். அதன்பின் பச்சையாகும், அல்லது மனிதரே பார்த்து உறுதிசெய்துவிட்டார் என்று மஞ்சளிலேயே நிற்கும். அப்படி நின்றால் அதே வீடியோவுக்கு இரண்டாவது முறை கேட்க முடியாது.

இந்த ஒரு முறை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தீக்காய முதலுதவி பற்றி ஒரு வீடியோ போட்டேன். தம்ப்நெயிலில் தோல் உரிந்த கையை குளோசப்பில் வைத்தேன், தலைப்பில் "கோரம்" என்ற வார்த்தை வேறு. மஞ்சள் வந்தது. "முதலுதவி சொல்றவனுக்கே இதுவா" என்று ரோஷம் பொத்துக்கொண்டு வர, எதையும் மாற்றாமல் பொத்தானை அழுத்தினேன். ஐந்தாம் நாள் மஞ்சள் உறுதியானது. சரியான முடிவுதான்; நான் கொடுத்த படம் அப்படி. அடுத்த வீடியோவிலும் மஞ்சள் வந்தது. இந்த முறை காயத்துக்குப் பதில் கட்டுப்போட்ட கை, தலைப்பு "தீக்காயம் பட்டால் முதலில் செய்ய வேண்டியது". இரண்டையும் மாற்றிய பிறகே ரிவ்யூ கேட்டேன். மூன்றாம் நாள் பச்சை. பொத்தானுக்கு முன்னால் தம்ப்நெயிலைப் பாருங்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

"காசு காசுன்னு அலையறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம் சார், அலைகிறேன். மைக்கும் லைட்டும் தானாக வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளவில்லை.

"மஞ்சள் வந்தா ரீச் குறையும்" என்பார்கள். விளம்பர நிலை பரிந்துரையை நேரடியாகப் பாதிப்பதில்லை என்பது யூடியூபின் நிலைப்பாடு. நம்பாதவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

"ஏழு நாள் ஆனா வியூஸ் வந்து முடிஞ்சிருமே" என்பது மட்டும் நியாயமான கேள்வி. ஓடாத விளம்பரத்துக்குக் காசு பிறகு வராது. பச்சையானாலும் அன்று முதல்தான். அதனால்தான் பொதுவில் விடுவதற்கு முன், லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அன்லிஸ்டடாக ஏற்றி, Checks பகுதியில் விளம்பரத் தகுதி என்ன என்று பார்த்துவிடுங்கள் என்கிறேன். மஞ்சள் வந்தால் பார்வையாளர்கள் பார்ப்பதற்கு முன்பே திருத்தலாம், ரிவ்யூவும் கேட்கலாம். வெளியிட்ட பிறகும் நிலை மாறலாம், அதனால் முழு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் இதைச் செய்யாமல் வெளியிட்டுவிட்டு புலம்புவதில் என்ன லாபம்?

இதையெல்லாம் நண்பரின் பதிவின் கீழே நேற்றே எழுதினேன். "உங்களுக்கு ரொம்பத் தெரியுமோ" என்றார் மகான். அதற்கு இருபத்திமூன்று லைக். எனக்கு இரண்டு, அதில் ஒன்று என் தம்பி. சரி, போகட்டும்.

அழித்த வீடியோவின் கீழே, பல நாள் நண்பரோடு விவாதித்த வாசகர்கள் தேதியோடும் ஊர்ப்பெயரோடும் திருத்தங்கள் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் அவர் குறித்துவைக்கவில்லையாம். நேற்று இரவு போனில் பேச்சே வரவில்லை அவருக்கு.

மகானே, புதிதாக ஏற்றிய வீடியோவுக்கு ரிவ்யூ கேட்கும் அந்த ஒரே வாய்ப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. இன்று சாயங்காலம் நானும் அவரும் தம்ப்நெயிலை மாற்ற உட்காருகிறோம். அதுவரை அவருக்கு வேறெந்த ஆலோசனையும் சொல்லிவிடாதீர்கள்.