தஸ்கா: கேட்க ஆளில்லாத துக்கம்

ரஷ்யர்கள் ‘தொஸ்கா’ என்று எழுதி ‘தஸ்கா’ என்று உச்சரிக்கும் ஒரு சொல் அவ்வப்போது முகநூலில் சுற்றி வரும். பனிக்காடு, ஜன்னலோரம் ஒரு பெண், கீழே ‘எந்த மொழியிலும் பெயர்க்க முடியாத சொல்’ என்று ஒரு வரி. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெயர்க்க முடியாது என்று சொன்னதும் யோசிப்பது நின்றுவிடுகிறது. அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், அது மர்மத்தை விடத் தொழில்நுட்பத்துக்கு நெருக்கமானது.

முதலில் அண்டை வீட்டுச் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ‘ஸ்கூக்கா’ என்றால் சலிப்பு. செய்ய வேலை கிடைத்தால் போய்விடும். ‘க்ரூஸ்த்’ மெல்லிய வருத்தம். ‘பெச்சால்’ துக்கம், பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ‘ஹந்த்ரா’ வசதியுள்ளவனுக்கு வரும் விரக்தி. புஷ்கினின் செய்யுள் நாவலின் நாயகன் ஒனேகினுக்கு வந்தது இதுதான். தஸ்கா இவற்றின் எல்லைகளைத் தொட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் எதற்குள்ளும் அடங்காது. அந்த நாவலுக்கு எழுதிய உரையில் எழுத்தாளர் நபக்கோவ் தஸ்காவைப் படிப்படியாக விளக்குகிறார்: உச்சியில் காரணமே தெரியாத ஆன்ம வேதனை, அடியில் வெறும் சலிப்பு. நடுவே, எதை நாடுகிறோம் என்றே தெரியாத நாட்டம்.

இலக்கணத்திலும் இது தெரியும். ‘போ’ என்ற முன்னிடைச்சொல் சேர்ந்தால் நாட்டத்துக்கு ஒரு இலக்கு கிடைக்கும்: ‘தஸ்கா போ ரோதினே’, தாய்நாட்டுக்கான ஏக்கம். அது இல்லாவிட்டால் இலக்கும் இல்லை. நம் ‘ஏக்கம்’ இங்கேதான் தடுமாறும். ஏக்கமாக இருக்கிறது என்றதும் ‘யாரை நினைச்சு?’ என்ற கேள்வி வந்துவிடும். ஆனால் வேறொரு வசதி நமக்கு உண்டு. ரஷ்யன் ‘ம்ன்யே தஸ்க்லீவா’ என்பான். சொல்லுக்குச் சொல் ‘எனக்கு ஏக்கமாக’. உணர்ச்சிக்கு ஆளாகிறவன் இரண்டு மொழியிலும் நான்காம் வேற்றுமையில்தான் நிற்கிறான். அவன் செய்வதில்லை, அவனுக்கு நேர்கிறது. ஆங்கிலத்தில் இந்த அமைப்பு கிடையாது. ஆங்கிலம் வழியாகப் பெயர்ப்பவர்கள் வீணாக இழப்பது இதைத்தான்.

வேர்ச்சொல்லிலும் ஓர் உறவு இருக்கிறது. ஃபாஸ்மரின் ரஷ்ய வேர்ச்சொல் அகராதி தஸ்காவை ‘தோஷி’, அதாவது ஒட்டி உலர்ந்த, வெறுமையான என்ற சொல்லோடு இணைக்கிறது. அதன் தூரத்து உறவு வடமொழி ‘துச்ச’. ‘துச்சமாக மதித்தான்’ என்கிறோமே, அதே துச்சம். அடியில் கிடக்கும் பொருள் வெறுமை.

இனி எழுத்தாளர்கள் இதை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதற்கு வருவோம். இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்த செகாவின் கதை 1886 ஜனவரியில் ‘பீட்டர்பர்க் கெஸட்’ நாளிதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது 26. கதை ஒரு வரியில்: ஈயோனா பத்தாபவ் என்ற கிழட்டு குதிரைவண்டிக்காரனின் மகன் அந்த வாரம் இறந்துவிட்டான், அதைச் சொல்ல அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை.

தலைப்பில் ‘தஸ்கா’. அதன் கீழே முகப்பு வரியாக ஒரு பழைய பக்திப் பாடலின் அடி: ‘என் துக்கத்தை யாரிடம் சொல்வேன்?’ அந்த அடியில் இருக்கும் சொல் தஸ்கா அல்ல, ‘பெச்சால்’. என் வாசிப்பில் கதையின் சூத்திரமே இதுதான். இறந்தவுடன் இருந்தது பெச்சால். கேட்க ஒரு செவி கிடைக்காமல் உள்ளேயே தேங்கும்போது அது தஸ்காவாகிறது. மகனின் சாவை விட, அந்தத் தேங்கலைத்தான் செகாவ் எழுதுகிறார்.

தேங்கலை எண்ணிக்கையால் காட்டுகிறார். ஈயோனா நான்கு முறை முயல்கிறான். முதலில் ஒரு ராணுவ அதிகாரி. எப்படிச் செத்தான் என்றுகூடக் கேட்கிறார். காய்ச்சலாக இருக்கும், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று இவன் தொடங்குவதற்குள் இருட்டிலிருந்து யாரோ வண்டியைத் திருப்பச் சொல்லித் திட்டுகிறார்கள்; அதிகாரி கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து மூன்று இளைஞர்கள். அவர்களில் கூனன் ஒருவன் ‘எல்லாரும் சாகத்தான் போறோம்’ என்று பெருமூச்சு விடுகிறான், பிறகு சீக்கிரம் ஓட்டச் சொல்லிப் பிடரியில் அடிக்கிறான். மூன்றாவது ஒரு வாயிற்காவலன். அவனிடம் மகனைப் பற்றிச் சொல்லவே முடிவதில்லை, மணி என்ன என்று கேட்பதோடு சரி. நான்காவது, தங்குமிடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரன். ஈயோனா சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால் அவன் போர்வைக்குள் தூங்கிவிட்டான்.

இவர்களில் யாரும் அரக்கர்கள் இல்லை. முதலாமவர் கேள்வி கேட்டார், இரண்டாமவன் தத்துவம் சொன்னான், கடைசியாள் களைத்திருந்தான். கொடியவர்களாக இருந்திருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் தஸ்கா கரைந்துபோயிருக்கும்.

இன்னொன்று, அந்தச் சொல்லைச் செகாவ் சேமித்து வைக்கும் விதம். தலைப்பில் கொடுத்தபின், அந்த மூன்று இளைஞர்களும் இறங்கிப் போகும்வரை கதைக்குள் அது வருவதே இல்லை. அதுவரை நாம் பார்ப்பதெல்லாம் ஈரப்பனியும் அசையாமல் குறுகி உட்கார்ந்த ஒரு உருவமும்தான். இளைஞர்கள் போட்ட சத்தம் அடங்கிய பிறகே, சற்று ஓய்ந்திருந்த தஸ்கா மறுபடி வந்து நெஞ்சை உள்ளிருந்து புடைக்கிறது. அந்த நெஞ்சு வெடித்தால் உலகத்தையே மூழ்கடிக்கும், ஆனாலும் ஒரு அற்ப ஓட்டுக்குள் அடங்கிக் கிடப்பதால் பகலில் விளக்கு வைத்துத் தேடினாலும் கண்ணில் படாது என்கிறார். அழுத்தம், கொள்ளளவு, ஓடு என்று எல்லாமே பௌதிகப் படிமங்கள். கண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை.

காசுக் கணக்கையும் கவனியுங்கள். மூன்று பேருக்கு 20 கோபெக் கட்டாத கூலி. ஆனாலும் ஏற்றிக்கொள்கிறான், வண்டியில் ஆள் இருந்தால் போதும் அவனுக்கு. இரவில் பார்த்தால் குதிரைக்கு ஓட்ஸ் வாங்கக்கூடச் சம்பாதிக்கவில்லை. தஸ்கா வந்தவன் கணக்கைத் தவறவிடுவான் என்பதை விளக்கம் ஏதுமின்றிக் காட்டிவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் இதைச் செய்ய முயன்று சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பாத்திரத்தைப் பேச விட்டுவிடுவார்கள். ஈயோனா என்னென்ன சொல்ல வேண்டும் என்ற பட்டியல் கதையில் இருக்கிறது. மகன் எப்படி நோயில் விழுந்தான், சாகும்முன் என்ன சொன்னான், சவ அடக்கம், இறந்தவனின் துணியை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது. தலைப்புகள் மட்டும்தான், விவரம் இல்லை. கடைசியில் லாயத்தில் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கும்போதும் ‘எல்லாவற்றையும் சொல்கிறான்’ என்று கதை முடிந்துவிடுகிறது. மகன் சாகும்முன் சொன்னது நமக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் நமக்கும் பாரம் இறங்கியிருக்கும்.

சரி, இலக்கு உள்ள தஸ்காவை எப்படி எழுதுவது? 1934இல், ரஷ்யாவைவிட்டுப் போய்ப் பிரான்சில் வாழ்ந்தபோது, கவிஞர் மரீனா த்ஸ்வெதாயெவா நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். கவிதை ‘தாய்நாட்டு ஏக்கமா! எப்போதோ வெளுத்துப்போன பித்தலாட்டம்’ என்ற தொனியில் தொடங்கி, நான்கு நான்கு அடிகளாக மறுத்துக்கொண்டே போகிறது. எங்கிருந்தாலும் ஒன்றுதான், எல்லா வீடும் அந்நியம், எல்லாக் கோயிலும் வெறுமை. கடைசி இரண்டு அடியில் மட்டும்: ஆனால் வழியில் ஒரு புதர் தென்பட்டால், அதிலும் ரியாபினா என்றால்... மூன்று புள்ளிகள், அவ்வளவுதான். வாக்கியம் முடிவதில்லை.

ரியாபினா சிவந்த கொத்துக் காய்கள் காய்க்கும் மரம். தாம் பிறந்த இலையுதிர் காலத்தோடு அதைச் சேர்த்து 1916இலேயே எழுதியவர் அவர். தமிழில் பெயர்க்கும்போது அந்த மரத்தை நம் ஊர் மரமாக்கிவிடலாமா என்று சிலருக்குக் கை பரபரக்கும். வேண்டாம். ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளலாம். ஆனால் மூன்று புள்ளிகளை மட்டும் வாக்கியமாக நிரப்பிவிடாதீர்கள்.

செகாவ் கதைக்குத் திரும்பினால், அதில் இன்னொரு சிறு இடமும் பெயர்ப்பில் அடிக்கடி நழுவும். மகனைக் குதிரையிடம் குறிப்பிடும்போது ஈயோனா வெறுமனே ‘குஸ்மா’ என்பதில்லை, ‘குஸ்மா ஈயோனிச்’ என்கிறான். பெரிய மனிதர்களை அழைப்பதுபோல், தந்தை பெயரையும் சேர்த்து. ‘எங்க குஸ்மா இப்ப இல்ல’ என்று சுருக்கினால் பொருள் கெடாது. ஆனால் செத்த மகனின் பெயருக்குள் கிழவனின் பெயரும் இருந்தது, அது காணாமல் போய்விடும்.