மைனஸ் ஒன்று எல்லாம் ஒரே மைனஸ் ஒன்று இல்லை

நேற்று நம் குழுவில் நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். ஒரே கால்பந்து ஆட்டம், இரண்டு பந்தயத் தளம், இரண்டிலும் ஒரே அணிக்கு -1. ஒன்றில் விலை 2.10, இன்னொன்றில் 3.00. உடனே குறைத்துக் கொடுக்கிறவன் திருடன் என்று தீர்ப்பு! '2.10 ஆசிய ஹேண்டிகேப், 3.00 ஐரோப்பிய ஹேண்டிகேப்' என்று சொன்னேன். பதிலுக்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சரி, சிரித்து முடித்தாயிற்றா?

2018 உலகக் கோப்பை அரையிறுதி. பிரான்ஸ் 1, பெல்ஜியம் 0. பிரான்ஸ் -1இல் ஆயிரம் ரூபாய் வைத்தவன் கதி என்ன? -1 என்பதால் பிரான்ஸின் ஒரு கோலைக் கழித்தால் 0-0. ஆசிய முறையில் சமன் என்று ஒரு பக்கமே கிடையாது. அதனால் ஆயிரமும் அப்படியே திரும்பி வரும். ஐரோப்பிய முறையில் பக்கங்கள் மூன்று: பிரான்ஸ் -1, சமன், பெல்ஜியம் +1. அந்தச் சமன்மேல் பணம் வைத்தவனுக்குத்தான் இங்கே ஜெயம். பிரான்ஸ் பக்கம் நின்றவனுக்கு நாமம். பெல்ஜியம் +1 பக்கம் நின்றவனுக்கும் நாமம். இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறீர்கள்.

அந்த 3.00 தர்மத்துக்குக் கொடுக்கிற விலை இல்லை. பணம் திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டுக் கொடுக்கிற விலை. ஐரோப்பிய -1ஐ ஆசிய -1.5ஓடு ஒப்பிடுங்கள், இரண்டுமே இரண்டு கோல் வித்தியாசம் கேட்கும். ஐரோப்பிய +1ஐ ஆசிய +0.5ஓடு ஒப்பிடுங்கள். எந்த முறை என்று தளத்தில் பெயர் போடவில்லையா? பக்கங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் ஐரோப்பியம், இரண்டு இருந்தால் ஆசியம். இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்?

எனக்கும் ஒரு நாள் தெரியாமல்தான் இருந்தது. பெங்களூருக்கு வந்த புதிதில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பந்தயக் கணக்குத் தீர்க்கும் மென்பொருளைச் சோதிக்கிற இரவு ஷிஃப்ட் வேலை. ஐரோப்பிய -1க்கு, ஒரு கோலில் ஜெயித்தால் 'பணம் வாபஸ்' என்று எழுதி வைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு லீட் அக்கா திரையில் நடுவில் இருந்த 'சமன்' பெட்டியைத் தொட்டுக் காட்டி, "இது எதுக்குப்பா இருக்கு, அழகுக்கா?" என்றார். அல்சூர் அறைக்குத் திரும்பியும் தூக்கம் வரவில்லை.

'சூதாட்டத்துக்கு வக்காலத்தா?' என்று ஒருவர் வருவார். நான் பந்தயம் கட்டுகிறவன் இல்லை. 2025 சட்டத்துக்குப் பிறகு இங்கே ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் தளம் நடத்துவதே குற்றம் என்பதும் தெரியும். கணக்கு தப்பு என்றேன், அவ்வளவுதான். '-0.75 என்றெல்லாம் வருகிறதே?' என்பது நியாயமான கேள்வி. பாதிப் பணம் -0.5இல், பாதி -1இல். ஒரு கோலில் ஜெயித்தால் ஒரு பாதிக்கு லாபம், மறு பாதி வாபஸ். ஐரோப்பிய முறையில் இந்தப் பாதிக் கணக்கே இல்லை.

'ரொம்பத் தெரிந்தவன்' என்று எழுதினீர்களே அண்ணா, அதுதான் வலித்தது. போன வருடம் உங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவன் நான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அந்தத் 'திருடன்' பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. என்னைத்தான் குழுவிலிருந்து நீக்கிவிட்டீர்கள்.