"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை": இதை முதலில் கேட்டவர்கள் யார்?

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்ற குர்ஆன் வரி (2:256) வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு விவாதத்தில் கண்ணில் படுகிறது. இஸ்லாம் வாளால் பரவியது என்று ஒருவர் சொன்னால், பதிலாக இது வரும். "இதெல்லாம் பிறகு ரத்தாகிவிட்டது, தெரியாதா?" என்று மறுபக்கம் கேட்கும். அத்தோடு இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். இந்த வசனம் யாரிடம், எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஏனென்றால் இதை முதலில் கேட்டவர்கள் பிள்ளை பெற்றவர்கள்.

இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. இஸ்லாம் வருவதற்கு முந்தைய மதீனாவில், பெற்ற குழந்தைகள் தங்காமல் இறந்துபோகும் தாயை 'மிக்லாத்' என்பார்கள். அப்படிப்பட்டவள், "இந்தப் பிள்ளை பிழைத்தால் இதை யூதனாக வளர்க்கிறேன்" என்று நேர்ந்துகொள்வாள். பிழைத்த பிள்ளை யூதக் குடும்பங்களோடு யூதனாகவே வளர்ந்துவிடும். பிறகு நபி (ஸல்) மதீனாவுக்கு வந்தார்கள், அந்தத் தாய்மார்களின் கூட்டத்தார் முஸ்லிம்களானார்கள். அவர்களைத்தான் அன்சாரிகள் என்கிறோம். ஹிஜ்ரி 4இல், அதாவது கி.பி. 625இல், பனூ நழீர் என்ற யூதக் குலத்தோடு மோதல் முற்றி, முற்றுகையில் முடிந்து, அவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு அன்சாரிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். "எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம்" என்றார்கள் பெற்றவர்கள். அப்போது இறங்கியது இந்த வசனம்.

கொஞ்சம் நின்று அந்தப் பெற்றோரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர்கள் வெறியர்கள் இல்லை. பிறந்து பிறந்து செத்த வீட்டில் தங்கிய ஒரே பிள்ளை கண்ணெதிரே மூட்டை கட்டுகிறான். தடுத்து நிறுத்த ஒரு வழிதான் தெரிகிறது: பிடித்து வைத்து முஸ்லிமாக்கிவிடுவது. ஊரில் அதிகாரமும் இப்போது தங்கள் பக்கம். அந்த இடத்தில்தான் 'இல்லை' என்று வருகிறது. குர்ஆன் விரிவுரையாளர் தபரி தரும் இன்னொரு அறிவிப்பில், "அவர்களே தேர்ந்துகொள்ளட்டும்; உங்களைத் தேர்ந்தால் உங்களைச் சேர்ந்தவர்கள், அவர்களைத் தேர்ந்தால் அவர்களைச் சேர்ந்தவர்கள்" என்று நபியவர்கள் சொன்னதாக இருக்கிறது. சிலர் தங்கினார்கள், சிலர் போனார்கள்.

இரண்டாவது செய்தி இன்னும் நெருக்கமானது. பனூ சாலிம் கிளையைச் சேர்ந்த ஓர் அன்சாரியின் இரண்டு மகன்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். ஷாமிலிருந்து எண்ணெய் கொண்டுவந்த வணிகர்கள் வழியாக அது நடந்தது என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது. தகப்பன் நபியவர்களிடம் வந்து கட்டாயப்படுத்தலாமா என்று கேட்கிறார். ஓர் அறிவிப்பில் அவர் சொல்வது இது: "அல்லாஹ்வின் தூதரே, என்னில் ஒரு பகுதி நரகத்தில் நுழைவதை நான் பார்த்துக்கொண்டிருப்பதா?" இதைவிட வலுவான வாதத்தை எந்தப் பெற்றோரும் வைக்க முடியாது. இதற்குப் பிறகும் அனுமதி கிடைக்கவில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். 'நிர்ப்பந்தம்' என்று நாம் மொழிபெயர்ப்பது 'இக்ராஹ்'. ஒருவன் வெறுக்கும் ஒன்றை, மிரட்டியோ அடித்தோ அவனைச் செய்யவைப்பது. இதே வேர்ச்சொல் 16:106இலும் வருகிறது. மக்காவில் சித்திரவதை தாங்காமல் அம்மார் பின் யாசிர் (ரலி) மறுப்புச் சொற்களைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு வந்ததை அந்த வசனத்தின் பின்னணியாகச் சொல்வார்கள். உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்க, நிர்ப்பந்தத்தில் நாவால் மறுத்தவன் மீது குற்றமில்லை என்கிறது அது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கணக்கு தெரிகிறது. கட்டாயத்தில் சொன்ன மறுப்பு மறுப்பாகாது என்றால், கட்டாயத்தில் சொன்ன கலிமா மட்டும் எப்படி ஈமானாகும்?

அரபியில் இங்கே வரும் 'லா', அந்த இனத்தையே மொத்தமாக மறுக்கும் 'லா'. எந்த வகை நிர்ப்பந்தமும் இல்லை என்று பொருள். இது தகவலா, தடையா என்று விரிவுரையாளர்கள் பேசியிருக்கிறார்கள். தமிழுக்கு இதில் சிரமமே இல்லை. "இந்த வீட்டில் பொய் இல்லை" என்று அப்பா சொன்னால் அது நிலவரமா, கட்டளையா? இரண்டும்தான். ஸமக்ஷரி முதல் பொருளை அழுத்துகிறார்: ஈமான் என்ற விஷயத்தை இறைவன் பலவந்தத்தின் மீது அமைக்கவில்லை, தேர்வின் மீது அமைத்தான். இப்னு கஸீர் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்: யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள், ஆதாரங்கள் தெளிவாக இருக்கும்போது கட்டாயத்துக்குத் தேவையே இல்லை. வசனத்தின் அடுத்த வாக்கியமும் அதுதானே: "வழிகேட்டிலிருந்து நேர்வழி தெளிவாகிவிட்டது." பகிர்கிறவர்கள் பெரும்பாலும் இதை வெட்டிவிடுகிறார்கள். காரணமே அங்கேதான் இருக்கிறது.

சரி, இதெல்லாம் ஏட்டில்தானா, சட்டத்தில் எங்காவது நின்றதா? நின்றது. 1223இல் இறந்த ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா, 'அல்முக்னி'யில் ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறார். கட்டாயப்படுத்தக் கூடாத ஒருவரை, உதாரணமாகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் வாழும் ஒரு யூதரை, மிரட்டிக் கலிமா சொல்லவைத்துவிட்டார்கள். அவர் முஸ்லிமா? இல்லை என்கிறார். மிரட்டல் நீங்கிய பின் அவராகவே அதில் நிலைத்திருந்தால்தான் செல்லும். பழைய மதத்துக்குத் திரும்பினால் அவரைக் கொல்லவும் முடியாது, மறுபடி வற்புறுத்தவும் முடியாது. இதற்கு அவர் காட்டும் ஆதாரம் இந்த வசனம்தான். ஹனஃபி அறிஞர் முஹம்மத் பின் அல்ஹஸன் இதில் வேறு கருத்துச் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு மனிதரின் உயிரே இந்தக் கேள்வியில் தொங்கியது. யூத அறிஞரும் மருத்துவருமான மூஸா பின் மைமூன், அதாவது மைமோனிடீஸ், ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்தவர். 1148இல் அந்நகரைப் பிடித்த முவஹ்ஹிதுகள் என்ற முஸ்லிம் அரச வம்சத்தார் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் அவரவர் மதத்தில் இருக்க விடவில்லை. வசனத்துக்கு நேர் எதிரான ஆட்சி அது, சுற்றிவளைக்காமல் சொல்லலாம். குடும்பம் அங்கிருந்து வெளியேறியது. மைமோனிடீஸ் கடைசியில் எகிப்தில் யூதராகவே வெளிப்படையாக வாழ்ந்தார். வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதுகிறார்: ஸ்பெயினிலிருந்து வந்த அபுல் அரப் என்பவர், "இவர் அங்கே முஸ்லிமாக இருந்தவர், இப்போது மதம் மாறிவிட்டார்" என்று குற்றம்சாட்டினார். நிரூபணமானால் தண்டனை மரணம். ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காதி அல்ஃபாதில் ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்தார்: நிர்ப்பந்திக்கப்பட்டவரின் இஸ்லாம் சட்டப்படி செல்லாது. மைமோனிடீஸ் உண்மையில் வெளித்தோற்றத்துக்காவது மாறினாரா என்பதில் வரலாற்றாய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைப் பாருங்கள். அவர் மாறினாரா என்றே அது விசாரிக்கவில்லை.

'ரத்தாகிவிட்டது' என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. முற்கால விரிவுரையாளர்களில் சிலர் அப்படிச் சொன்னது உண்மை. அந்த இரண்டு கிறிஸ்தவ மகன்களின் கதையைச் சொல்லும் ஸுத்தியே, பிற்பாடு போர் வசனங்கள் இதை மாற்றிவிட்டன என்று முடிக்கிறார்! தபரி இதை ஏற்கவில்லை. இரண்டு வசனங்களும் ஒன்றாக நிற்கவே முடியாது என்றால்தான் ஒன்று மற்றதை ரத்து செய்யும் என்பது அவர் விதி. ஆனால் அவர் இதன் எல்லையைச் சுருக்கினார்: வேதக்காரர்கள், நெருப்பை வணங்கும் மஜூஸிகள் என ஜிஸ்யா வரி பெறப்படுகிறவர்களுக்கு இது பொருந்தும், அரபு இணைவைப்பாளர்களுக்கு அல்ல. ஆக, "எல்லாக் காலத்திலும் எல்லா அறிஞர்களும் இதை முழு மதச் சுதந்திரமாகத்தான் புரிந்துகொண்டார்கள்" என்று நம்மவர்கள் பதிவு போடுவதும் சரியில்லை. 20ஆம் நூற்றாண்டின் துனீசிய அறிஞர் இப்னு ஆஷூர் எதிர்ப்பக்கம் போய், மதம் மாற்றுவதற்காகப் போரிடுவதை இந்த வசனம்தான் ரத்து செய்தது என்றார்.

எனக்கு ரத்து வாதம் ஒட்டாததற்குக் காரணம் எளிமையானது. வசனம் வெறும் கட்டளை போட்டுவிட்டுப் போகவில்லை, காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நேர்வழி தெளிவாகிவிட்டது, அதனால் நிர்ப்பந்தம் இல்லை. படை பெருகியதும் நேர்வழி மறுபடி மங்கிவிட்டதா என்ன?

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: "தன் மார்க்கத்தை மாற்றிக்கொண்டவனைக் கொல்லுங்கள்" என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறதே? இருக்கிறது. நான்கு மத்ஹபுகளும் அதை வைத்துத்தான் சட்டம் வகுத்தன. ஹனஃபிகள் மட்டும் பெண்ணுக்கு மரணம் இல்லை, சிறை என்றார்கள். நுழைவதில்தான் நிர்ப்பந்தம் இல்லை, வெளியேறுவது வேறு என்பது அந்தச் சட்ட அறிஞர்கள் தந்த விளக்கம். நம் கால ஈராக்கிய அறிஞர் தாஹா ஜாபிர் அல்அல்வானி இந்த வசனத்தையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதி, வெறும் மதமாற்றத்துக்கு இவ்வுலகத் தண்டனை குர்ஆனில் எங்குமே இல்லை என்று வாதிட்டார். நான் அவர் பக்கம். போகவிடாமல் அடைத்துவைத்தால், உள்ளே இருப்பவர் விருப்பத்தோடு இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? ஆனால் மறுதரப்பைச் சில்லறை ஆட்களின் கருத்து என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். அதுதான் நெடுங்காலப் பெரும்பான்மைக் கருத்து.

அப்புறம், தொழக் கூப்பிட்டால் இந்த வசனத்தைக் காட்டுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இது ஒருவர் இந்த நம்பிக்கையை ஏற்பது பற்றிய வசனம். கூப்பிடுவது இக்ராஹ் இல்லை. அதே சமயம், கூப்பிடுவதற்கும் கையை முறுக்குவதற்கும் வித்தியாசம் தெரியாத அண்ணன்மார்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

உமர் (ரலி) அவர்களிடம் ஒரு கிறிஸ்தவ அடிமை இருந்தார். பிற்காலத்தில் அந்த அடிமையே சொன்னது தஃப்ஸீர்களில் பதிவாகியிருக்கிறது. உமர் அவரை இஸ்லாத்துக்கு அழைப்பார். நீ முஸ்லிமானால் முஸ்லிம்களின் பொறுப்புகளில் உன் உதவியைப் பெறலாமே என்பார். இவர் மறுப்பார். உமர், "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்று ஓதிவிட்டு விட்டுவிடுவார். அப்போது அவர் கலீஃபா, எதிரே நின்றவர் அவருடைய சொந்த அடிமை. தமக்கு மரணம் நெருங்கியபோது உமர் அவரை விடுதலை செய்து, "நீ விரும்பிய இடத்துக்குப் போ" என்றார். அப்போதும் அந்த அடிமை கிறிஸ்தவர்தான்.