கழித்த மூன்று கட்டு யாருக்குச் சொந்தம்?

அம்மா சுற்றிக் கொண்டுபோன பீடியில் மூன்று கட்டைக் கடையில் கழித்துவிட்டார்கள் என்று சனிக்கிழமை போட்ட படத்தை ஏன் நீக்கிவிட்டாய் என்று பலர் கேட்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்தப் படத்துக்குக் கீழே ஒரு அண்ணாச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "ஒழுங்காச் சுத்தினா ஏன் கழிக்கப் போறாங்க?" ஒரே வரி. அதற்கு எங்கள் ஊர்க்காரர்களே விருப்பம் போட்டிருந்தார்கள். அவர்களில் சிலருடைய அம்மாக்களும் இன்றைக்கும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்கள்தான். இரண்டு நாளாக அந்த வரி தொண்டையிலேயே நிற்கிறது.

அம்மா அன்றைக்குக் கடைக்குக் கொண்டுபோனது ஆயிரம் பீடி. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, மொத்தம் நாற்பது கட்டு. அங்கே தரம் பார்க்கிற செக்கர் கட்டுகளைத் தட்டிப் பார்த்து, சிலவற்றைப் பிரித்துப் பார்த்து, மூன்று கட்டை ஒதுக்கி வைத்தார். "எக்கா, இது எடுக்காது. நாளைக்குச் சேத்துக் கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது. சத்தம் இல்லை, சண்டை இல்லை.

ஒரு கட்டில் இரண்டு மூன்று பீடி தொளதொளவென்று இருந்தாலோ, இலையில் ஓட்டை தெரிந்தாலோ முழுக் கட்டும் போய்விடும். மற்ற இருபத்திரண்டும் நல்ல பீடிதான், ஆனாலும் கணக்கில் வராது. மூன்று கட்டு என்றால் 75 பீடி. ஆயிரத்துக்கு 250 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் பத்தொன்பது ரூபாய் கூட இல்லை. "பத்தொன்பது ரூபாய்க்கா இவ்வளவு பெரிய பதிவு?" என்று கேட்பீர்கள்.

இழப்பு பத்தொன்பது ரூபாயோடு நிற்பதில்லை. கடை கொடுப்பது ஆயிரம் பீடிக்கான இலையும் புகையிலைத் தூளும் மட்டும். "சேர்த்துக் கொண்டா" என்ற அந்த 75 பீடிக்கு இலை எங்கிருந்து வரும்? அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் கடன் வாங்குவாள், இல்லையென்றால் காசு கொடுத்து வெளியில் வாங்குவாள். நனைத்து, வெட்டி, சுற்றி, நுனி மடக்கி, நூல் கட்ட இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆக, அவள் 1,075 பீடி சுற்றி ஆயிரத்துக்குக் கூலி வாங்குகிறாள். முதலில் சுற்றிய 75க்கும் கூலி கிடையாது. திரும்பச் சுற்றியதன் உழைப்பும் இலையும் அவள் கணக்கு. கடைக்கு ஒரு பீடிகூடக் குறையவில்லை.

சரி, கழித்த மூன்று கட்டு எங்கே? அது கடையிலேயே இருக்கிறது. அண்ணாச்சி, இதற்குத்தான் உங்களிடம் பதில் கேட்கிறேன். கழிவு என்றால் அவள் கண் முன்னால் பிரித்துப் போடுங்கள். தூளைத் தட்டி எடுத்தால் மறுபடியும் பயன்படும், அதை அவள் கையில் கொடுத்தாலாவது ஈடுகட்டச் சுற்றுவதற்கு ஆகும். பிரிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை, கூலியும் இல்லை என்றால் அது கழிவே இல்லை. அது கூலி கொடுக்காமல் எடுத்துக்கொண்ட பீடி. பீடி சுற்றுகிற ஊர்களில் இந்தப் புகார் எவ்வளவு பழையது என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

இனி "ஒழுங்காச் சுத்துறது" பற்றி. எங்கள் பக்கத்துக்குப் பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. கோடையில் பறித்த இலை மூட்டையில் கிடந்து பழசாகிவிட்டால், எவ்வளவு நனைத்தாலும் மடக்கும்போது வெடிக்கும். கூடுதலாக ஊறவைத்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். நரம்பு தடித்த இலையைச் சுற்றினால் இறுக்கம் நிற்காது. இலையை எடை போட்டுத் தருகிறார்கள், பீடியை எண்ணி வாங்குகிறார்கள். காம்பும் நரம்பும் ஈரமும் ஓட்டை இலையும் எல்லாம் சேர்ந்துதான் அந்த எடை. வெட்டி எறிந்தது போக ஆயிரத்துக்கு இலை போதவில்லை என்றால், மற்ற நாளில் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கும் இலையையும் அவள் தட்டில் எடுக்க வேண்டி வருகிறது. அந்த இலையில் சுற்றிய பீடியைத்தான் மறுநாள் கழிக்கிறார்கள்.

குறை கையிலா, இலையிலா என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஒரே நாளில் ஒரே மூட்டையிலிருந்து இலை வாங்கின ஐந்து பேருக்கும் கழிவு விழுந்தால் அது இலை. ஒருத்திக்கு மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால் அது கை. எந்த மூட்டையை யாருக்குக் கொடுத்தோம் என்று கடைக்குத் தெரியும். அம்மாவோடு அன்றைக்குப் போன ஆறு பேரில் நான்கு பேருக்குக் கழிவு. நாற்பது வருடம் சுற்றிய கைகள், நான்கும் ஒரே நாளில் மறந்துபோயினவா?

"தரம் பார்க்க வேண்டாமா?" என்று இன்னொருவர் கேட்டார். பாருங்கள், நன்றாகப் பாருங்கள். குறையுள்ள மூன்று பீடியை எடுத்துவிட்டு இருபத்திரண்டுக்குக் கூலி கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். "கடைக்காரரும் கம்பெனிக்குப் பதில் சொல்லணும்ல?" உண்மைதான். மேலே கம்பெனி கழித்தால் அவர் கையைக் கடிக்கும். ஆனால் அவருக்கு அதைக் கீழே தள்ள ஆள் இருக்கிறது. அம்மாவுக்குக் கீழே யாரும் இல்லை.

"பீடியே உடம்புக்குக் கேடு, தொழில் போகட்டுமே" என்றவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கேடு என்பதை எங்களைவிட யார் அறிவார்கள்? வீடு முழுக்க அந்தத் தூள் நெடியிலேயே வளர்ந்தவள் நான். கேடான பொருள் என்பதற்காக அதைச் செய்தவளுக்குக் கூலி கொடுக்காமல் இருக்கலாமா?

இது நான் புதிதாகக் கிளப்புகிற வழக்கும் இல்லை. 1966ஆம் ஆண்டு வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 39ஆவது பிரிவிலேயே மூன்று தகராறுகள் தனியாக எழுதப்பட்டிருந்தன: மூலப்பொருள் கொடுப்பது, பீடியைக் கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி. இவற்றைச் சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க ஓர் அதிகாரியை மாநில அரசு விதி போட்டு வைக்க வேண்டும் என்றது. அறுபது வருடத்துக்கு முன்பே நாடாளுமன்றத்துக்குத் தெரிந்த விஷயம் அண்ணாச்சிக்கு இன்னும் தெரியவில்லை. 2020இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது.

மாதச் சம்பளக்காரரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1936ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, பொருள் சேதம் என்று சொல்லிப் பிடித்தம் செய்யக்கூட முதலில் அவரை விளக்கம் கேட்க வேண்டும் என்று இருந்தது. அம்மாவிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை, ஏனென்றால் இங்கே பிடித்தம் என்றே எதுவும் கிடையாது. எண்ணவே இல்லை, அதனால் கூலியும் உண்டாகவே இல்லை.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மழைக்காலம். கட்டுகள் ஈரத்தை இழுத்துக்கொண்டன. அம்மா அடுப்புப் பக்கத்தில் தட்டை வைத்துக் காயவைத்தாள். அப்படியும் ஐந்து கட்டு கழிந்தது. மறுநாள் கணக்குப் பரீட்சை. ராத்திரி பதினொரு மணி வரை நான் நூல் கட்டிக் கொடுத்தேன். படிக்கப் போ என்று அம்மா சொல்லவில்லை, சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும். அந்த ஐந்து கட்டில் என் உழைப்பும் இருந்தது. அதற்கும் யாரும் கூலி தரவில்லை. ஒழுங்காகக் கட்டவில்லை என்று எனக்கும் சொல்வீர்களா அண்ணாச்சி?

படத்தை நீக்கியதற்குக் காரணம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "படத்தை எடுத்துரு தாயி. நாளைக்கும் நான் அந்தக் கடைக்குத்தான போகணும்" என்றாள். எடுத்துவிட்டேன். பேசும்போதே பின்னால் கத்திரி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த மூன்று கட்டுக்கு இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.