நிறத்தைக் கடைசியில் கேளுங்கள்

மும்பைத் தமிழர் குழுக்களில் வாரம் ஒருமுறையாவது இப்படி ஒரு கேள்வி வருகிறது. “பாட்டி தலைவலிக்குத் தேய்ப்பாங்களே, அந்தத் தைலம். சிவப்பா இருக்கும், சின்ன டப்பி. பேர் மறந்துபோச்சு, யாருக்காவது தெரியுமா?” உடனே கீழே பெயர்கள் குவிகின்றன: அமிர்தாஞ்சன், ஜண்டு, விக்ஸ். எந்தப் பெயரை அதிகம் பேர் சொல்கிறார்களோ, அதையே கேட்டவரும் நம்பிவிடுகிறார். இப்படிப் பெயர்களை அள்ளிப் போடுவதை நாம் நிறுத்த வேண்டும். பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்டால் போதும். அவற்றின் வரிசை முக்கியம்.

முதலில் கடை. எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும். மாட்டுங்கா கிழக்கில் நம்மவர் கடையில் வாங்கியது என்றால், தெற்கிலிருந்து வரவழைத்த சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பக்கத்து மருந்துக் கடை என்றால் இங்கே எங்கும் கிடைக்கும் சரக்கு. கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம், மனீஷ் மார்க்கெட்டில் வாங்கியது என்றால் ‘பாரின் சாமான்’. ஆனால் கடையை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. அமிர்தாஞ்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1893இல் நாகேஸ்வர ராவ் அதைத் தொடங்கியது இதே மும்பையில்தான், பிறகுதான் அது சென்னைக்குப் போனது. மாட்டுங்கா கடையிலும் இருக்கும், மருந்துக் கடையிலும் இருக்கும்.

அடுத்தது வடிவம். நிறம் மனதில் மாறிப்போனாலும் கை பிடித்த வடிவம் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. உருண்டையா, தட்டையா, பட்டை வைத்ததா? மூடி தகரமா, பிளாஸ்டிக்கா? விரலை விட்டு வழித்தார்களா, சொட்டாகக் கவிழ்த்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோடாலித் தைலம் போன்ற எண்ணெய்களும் களிம்புகளும் பிரிவது அங்கேதான்.

நிறத்துக்குக் கடைசி இடம்தான். ‘மஞ்சள்’ என்று ஒருவர் சொன்னால் எது மஞ்சள்? களிம்பா, கண்ணாடியா, ஒட்டிய தாளா? “காலியான பிறகு டப்பி என்ன நிறம்?” என்று கேட்டுப் பாருங்கள். பழைய அமிர்தாஞ்சன் புட்டியில் மஞ்சளாகத் தெரிந்தது உள்ளே இருந்த களிம்பு. பழைய விக்ஸ் புட்டியில் கண்ணாடியே நீலம். அட்டைப்பெட்டியின் நிறத்தை இன்னும் குறைவாகவே நம்ப வேண்டும். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தங்கும். ஊதாப் பெட்டியை ‘நீலம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறார்.

இப்போது மேலே கேட்ட பாட்டியின் தைலத்துக்கு வருவோம். கடை எது என்று கேட்டால், மனீஷ் மார்க்கெட் என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டப்பி ஆறு பட்டைக் கண்ணாடி, தங்க நிறத் தகர மூடி, விரலால் வழிப்பது. இந்த இடத்தில் டைகர் பாம் என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூர்ச் சரக்கு, கடையும் பொருந்துகிறது. ஆனால் அதில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு உண்டு. பாட்டியின் தலையணை உறையில் கறை பட்டதா, லவங்கப்பட்டை வாசனை அடித்ததா என்று கேளுங்கள். சிவப்பில் லவங்கப்பட்டை வகை எண்ணெய் உண்டு, துணியில் கறையும் பிடிக்கும். இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் சிவப்புதான். கறையே இல்லை என்றால், ‘சிவப்பா இருக்கும்’ என்று அவர் நினைவில் நின்றது களிம்பாக இல்லாமல் மேலே ஒட்டியிருந்த தாளாக இருக்கலாம்.

உறுதி செய்யும்போதுதான் நிறைய பேர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். ஒரே ஒரு படத்தைப் போட்டு “இதுவா?” என்று கேட்கக் கூடாது. அந்தப் படம் பழைய நினைவின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு அவரால் இரண்டையும் பிரிக்க முடியாது. நான்கைந்து டப்பிகளின் படத்தைக் கலந்து போட்டு, எது என்று அவரே எடுக்கட்டும். படத்தைக் காட்டும் முன்பே வாசனை, கறை, மூடி பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

இணையத்தில் படத்தை வைத்துத் தேடினால் பெரும்பாலும் இன்றைய உறைதான் முன்னால் வரும். பழைய உறைக்கு நல்ல இடம் அரசின் வணிக முத்திரைப் பதிவேடு. tmrsearch.ipindia.gov.in தளத்தில் பெயரில் ஒரு துண்டு நினைவிருந்தால் Wordmark, ஒலி மட்டும் நினைவிருந்தால் Phonetic, படம் மட்டும் நினைவிருந்தால் Vienna Code. வகுப்பு எண்ணும் கொடுக்க வேண்டும்: மருந்துத் தைலத்துக்கு 5, பவுடர், ஸ்னோ, சோப்புக்கு 3. லேபிளில் உள்ள படத்தை வகைப்படுத்தும் எண்தான் வியன்னா எண்; அதன் முதல் பகுதி 2 என்றால் மனித உருவங்கள், 3 விலங்குகள், 5 செடிகொடிகள். பதிவு செய்தபோது கொடுத்த லேபிளே அங்கே பல பெயர்களுக்கு அப்படியே இருக்கும். பல லேபிள்கள் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும், அதனால் அங்கேயும் நிறம் உதவாது. வடிவமும் படமும்தான் கைகொடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எதுவும் பொருந்தவில்லை என்றால் இன்னொன்றைக் கேளுங்கள்: அந்த டப்பியைக் கடையில் மூடி திறக்காமல் பார்த்தாரா, வீட்டில் மட்டும் பார்த்தாரா? காலி டைகர் பாம் டப்பியில் நாட்டு மருந்துக் கடைத் தைலத்தை ஊற்றி வைத்த வீடுகள் உண்டு. அப்போது டப்பி ஒரு கடையைச் சொல்லும், வாசனை இன்னொரு கடையைச் சொல்லும். இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டியதுதான்.