80 விழுக்காடு என்றால் எத்தனை மணி நேரம்?

போன வாரம் பிள்ளைகளின் கல்லூரியிலிருந்து பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்தப் பருவத்திலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் அந்தப் பாடத் தேர்வில் அமர முடியுமாம். விதியில் எனக்கு மறுப்பு இல்லை. அதை எழுதியிருக்கும் விதம்தான் பிரச்சினை.

பக்கத்து வீட்டு அக்கா, “என் மகனுக்குப் பயமில்லை தம்பி, அவன் போன பருவம் 96 விழுக்காடு” என்றார். சரி, பார்ப்போமே என்று அவனுடைய பழைய வருகைப் பதிவை எடுத்துப் புது விதியைப் போட்டுப் பார்த்தேன்.

வேதியியல் வாரத்துக்கு 4 மணி நேரம். 14 வாரத்துக்கு 56. அதில் 80 விழுக்காடு 44.8, அதாவது 45 மணி நேரம் வகுப்பில் இருந்தாக வேண்டும். விடக்கூடியது 11 மணி நேரம்தான். செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடம் ஒரே மூச்சில் 2 மணி நேரம். அக்கா மகன் ஆறு செவ்வாய் போகவில்லை: காய்ச்சல் இரண்டு முறை, தண்ணீர்மலையிலிருந்து ரதம் திரும்பிய நாள் ஒன்று, மற்ற மூன்றும் தூக்கம். தைப்பூசத்துக்குத்தான் பினாங்கில் விடுமுறை, ரதம் திரும்பும் மறுநாளுக்கு இல்லை. ஆக 12 மணி நேரம் போச்சு. 44/56, 78.6 விழுக்காடு. ஐந்து பாடமும் இதே அளவு, மற்ற நான்கில் ஒன்றும் விடவில்லை என்று மொத்தமாகச் சேர்த்தால் 268/280, கிட்டத்தட்ட 96. அக்கா பார்த்தது அந்த எண்ணைத்தான். ஆனால் வேதியியல் தேர்வுக்கூடத்துக்குள் அவனை விடமாட்டார்கள்.

இதில் காய்ச்சலுக்கு மருத்துவர் கொடுத்த எம்சி இருக்கிறதே? மூன்று நாளுக்குள் எம்சி கொடுக்க வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அந்த 4 மணி நேரத்தை வந்ததாக எடுத்துக்கொண்டால் 48/56, 85.7. கணக்கிலிருந்தே நீக்கினால் 44/52, 84.6. இரண்டிலும் தப்பித்துவிடுவான். எம்சி வெறும் காரணச் சீட்டு, வராதது வராததுதான் என்றால் பழைய 78.6. ஒரே பையன், ஒரே காய்ச்சல்! பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், அதுவும் எழுத்தில்.

இன்னொன்று. பருவத்தின் நடுவே வரும் விழுக்காடு ஏமாற்றும். நான்காம் வாரக் கடைசியில் 16 மணி நேரத்தில் 4 விட்டிருந்தால் திரையில் 75 என்று சிவப்பில் காட்டும், வீட்டில் ரகளை நடக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் விடாவிட்டால் 52/56, 92.9-இல் முடியும். பத்தாம் வாரத்தில் 40-க்கு 8 விட்டவனுக்குச் சரியாக 80 காட்டும், நிம்மதியாகத் தூங்குவான். அவனிடம் மிச்சம் இருப்பது 3 மணி நேரம், அதாவது ஒரே ஒரு செவ்வாய். அதனால்தான் சொல்கிறேன், சுற்றறிக்கையில் விழுக்காட்டோடு பாடவாரியாக ‘இத்தனை மணி நேரம் விடலாம்’ என்றும் எழுதுங்கள்.

அலுவலகத்துக்கு எம்சி கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அக்கா அதற்குள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டார். வேதியியலுக்கு நேராக 11 என்று எழுதி, அதை அடித்து 9 ஆக்கியிருக்கிறார். மகன் இந்தச் செவ்வாயும் எழுந்திருக்கவில்லை.