பயிற்சி தொடங்கும் நாளில் தொடங்கலாம்

"ஒரு மாதம் படுக்கையிலிருந்த அப்பாவின் கால்கள் மெலிந்துவிட்டன, கிரியாட்டின் என்ற தசை ஊட்டப்பொருளை மட்டும் கொடுத்தால் போதுமா?"

போதாது. 2001இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில் நலமான இளைஞர்களின் காலை 2 வாரம் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தபோது, கிரியாட்டின் உண்டவர்களுக்கும் தசை அதே அளவு மெலிந்தது. பின்னர் 10 வாரம் முழங்காலை நீட்டும் பயிற்சி செய்தபோதுதான் அவர்களுடைய தசை மற்றவர்களைவிட விரைவாக மீண்டது. முதியவருக்கு அதே பலனை அப்படியே எதிர்பார்க்க இயலாது என்றாலும், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து, மருத்துவர் இசைந்தால், நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் கொடுக்கலாம்.

சிறுநீரகப் பரிசோதனையில்தான் குழப்பம் நேரும். தசை மெலிந்தவருக்கு இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவான கிரியாட்டினைன் என்பதன் அளவு இயல்பாகவே குறைந்திருப்பதால் சிறுநீரகக் குறை மறைந்திருக்கக்கூடும். கிரியாட்டின் உண்ணத் தொடங்கியபின் அந்த அளவு சற்று உயர்ந்து, இல்லாத குறையைக் காட்டவும் கூடும். ஆகவே தொடங்குமுன்பே, தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.